என் கடிதங்களைப் படித்த உன் குரல்

என் செல்லக் கோமு,

நலமா என்று கேட்டுத்தான் நம் கடிதங்கள் தொடங்கும். இந்த முறை கேட்கவில்லை. கேட்டுவிட்டுப் பதிலுக்கு நான் எங்கே போய் நிற்பது? தபால்கார அண்ணாச்சி இன்னும் மேலப்பாளையத்தில் எங்கள் தெருவுக்கு வருகிறார். கையில் வெளிநாட்டு உறை இருந்தால் என் வாசல் வரும்போது மட்டும் சைக்கிளைக் கொஞ்சம் வேகமாக மிதிக்கிறார். பாவம், அவர் என்ன செய்வார்?

ஊர்ச் செய்தி முதலில் சொல்லிவிடுகிறேன், நீ அதற்குத்தான் அடித்துக்கொள்வாய். எனக்கு நிக்காஹ் ஆகிவிட்டது. மாப்பிள்ளை நல்ல மாதிரி. கேமராவைத் தொடக்கூடாது என்று சொல்லவில்லை, சொல்லியிருந்தால் என் கோபம் உனக்குத்தான் தெரியுமே. என் அண்ணன், நம் காக்காதான், கடைக்கு எடிட்டிங்குக்குக் கம்ப்யூட்டர் வாங்கப்போகிறாராம். படத்தை எங்கே வேண்டுமானாலும் வெட்டலாம், பிடிக்காவிட்டால் பழையபடி ஒட்டிக்கொள்ளலாம் என்கிறார். நம் காலத்தில் அது இருந்திருந்தால் நீயும் நானும் இத்தனை சண்டை போட்டிருக்க மாட்டோம்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா, நம் படம் எப்படித் தொடங்கியது என்று? காக்கா சவுதியிலிருந்து வந்து கல்யாண வீடியோக் கடை போட்டபோது, பெண்கள் பக்கம் ஆம்பிளை கேமராமேனை விடமாட்டார்கள் என்பதால் தோளில் வைக்கும் அந்தப் பெரிய கேமராவை என்னிடம் கொடுத்தார். லைட் பிடிக்க ஆள் இல்லை. ஆழ்வார்குறிச்சியிலிருந்து வந்து பாளையங்கோட்டை ஹாஸ்டலில் தங்கிப் படித்த நீதான் பிடித்தாய். சைவப்பிள்ளைவீட்டுப் பெண் துலுக்கவீட்டுக் கல்யாணத்தில் லைட் பிடிக்கிறாள் என்று பிரியாணிச் சட்டிக்குப் பக்கத்தில் ஒரே சிரிப்பு. உனக்கு மட்டும் தனியாகத் தயிர்சோறு வரும்.

அமெரிக்காவில் தாவரவியல் மேல்படிப்புக்கு உனக்கு இடம் கிடைத்த அன்று நான்தான் அழுதேன். நீ அழவில்லை. "ஏட்டி, அழுது முடிச்சிட்டேன்னா ஒண்ணு சொல்லுதேன்," என்றாய். "நீ இங்கன இருந்து எழுது, நான் அங்கன இருந்து எழுதுதேன். அந்தக் கடுதாசியெல்லாம் சேத்து ஒரு வீடியோப் படம் பண்ணுவோம். ஊரான் வீட்டுக் கல்யாணத்தையே எடுத்துக்கிட்டு இருந்தா நம்மள யாரு எடுப்பா?"

முதலில், நீ கிளம்புவதற்கு முன்னால், மாதிரிக்கு ஆளுக்கொரு கடிதம் எழுதி அவரவரே படித்துப் பார்த்தோம். என் குரல் வானொலிச் செய்தி மாதிரி இருந்தது. உன் குரல் பேச்சுப்போட்டி மாதிரி. அப்போதுதான் நான் எங்கள் தெருக்கதையைச் சொன்னேன். சின்ன வயதில் சவுதியிலிருந்தும் துபாயிலிருந்தும் வரும் கடிதங்களை எழுத்து தெரியாத பெண்களுக்கு நான்தான் படித்துக்காட்டுவேன். "என் அன்பு மனைவிக்கு" என்று பாவாடை கட்டிய நான் படிப்பேன், பக்கத்துவீட்டு மாமி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுவார்கள். படிக்கிற குரல் யாருடையது என்று அவர்கள் ஒருநாளும் கவலைப்பட்டதில்லை.

நீ எழுந்தே உட்கார்ந்துவிட்டாய். "அதுதாம்ட்டி. கடுதாசி எழுதுனவளுக்குச் சொந்தம் இல்ல, கெடச்சவளுக்குத்தான் சொந்தம். கெடச்சவதான் படிக்கணும்." வேலைக்கும் அதுதான் வசதி. நான் அனுப்பிய கடிதம் உன் கையில்தானே இருக்கும், எனக்கு ஏது நகல்?

அப்படித்தான் நம் சட்டம் உருவானது. என் கடிதத்தை நீ படித்து ஆடியோ கேசட்டில் பதிந்து அனுப்பவேண்டும். உன் கடிதத்தை நான் இங்கே படித்துப் பதியவேண்டும். யார் எழுதினாளோ அவள் ஊர்தான் படத்தில் வரவேண்டும். படிக்கிறவள் சொந்தமாக ஒரு வார்த்தையும் சேர்க்கக்கூடாது. அந்தக் கடைசிச் சட்டத்தைப் போட்டது நீ. இப்போது அது உறுத்துகிறது.

உன் முதல் வீடியோ கேசட் வந்த அன்று கடையில் நான், காக்கா, டீ கொண்டுவந்தவர் என்று எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்தோம். கேசட் நம்முடையதைப் போலவேதான் இருந்தது. ஆனால் படம் நிற்காமல் மேலே உருண்டுகொண்டே போனது. நிறம் இல்லை. பனியில் நடப்பவர்கள் தண்ணீருக்குள் நடப்பதைப்போல் மெதுவாக நடந்தார்கள். கேமராவுக்குப் பின்னாலிருந்து யாரிடமோ நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பு ஓர் ஆண்பிள்ளையின் சிரிப்பைப்போல் தடித்து, இழுத்து வந்தது. நான் காக்காவைத் திரும்பிப் பார்த்தேன். "ஒண்ணும் இல்ல, அமெரிக்கா சிஸ்டம் வேற, நம்ம சிஸ்டம் வேற," என்றார் காக்கா. "அந்த டேப்பு ஓடவேண்டிய வேகம் நம்ம டெக்குல இல்ல."

பிறகு சவுதியிலிருந்து எல்லா சிஸ்டமும் ஓடுகிற டெக்கும் டிவியும் கொண்டுவந்திருந்த ஒரு வீட்டுக்குப் போனோம். அங்கே படம் உருளாமல் நின்றது, உன் சிரிப்பும் உன்னுடையதாயிற்று. ஆனால் அதை நம் சிஸ்டத்துக்கு மாற்றிப் பதிகிற மிஷின் சென்னையில்தான் இருந்தது. அதற்கு வழியில்லாமல், ஜன்னலை எல்லாம் சாத்தி இருட்டாக்கி, டிவித் திரையையே என் கேமராவால் எடுத்தேன். திரையின் துடிப்பும் கேமராவின் துடிப்பும் ஒத்துப்போகவில்லை. ஒரு கறுப்புப் பட்டை படத்தின் குறுக்கே ஓடிக்கொண்டே இருந்தது. ஷட்டரை மாற்றிப் பார்த்தேன், பட்டை மெலிந்ததே தவிரப் போகவில்லை.

நம் படம் முழுவதிலும் உன் முகம் வருவது ஒரே இடத்தில்தான். துணி துவைக்கிற கடையின் கண்ணாடியில், தோளில் கேமராவோடு நீ தெரிகிறாய். அந்தப் பட்டை உன் முகத்தின் மேல் ஏறிப் போகிறது, திரும்ப வருகிறது, ஏறிப் போகிறது. அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. இப்போது அந்த இடம் வந்தால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறேன்.

நல்லவேளை, ஆடியோ கேசட்டுக்கு எந்த ஊரும் கிடையாது. எங்கே பதிந்தாலும் எங்கேயும் ஒரே வேகம்தான். உன் குரல் மட்டும் கெடாமல் வந்தது. நீ படித்ததை நான் முதலில் ஒரு கேசட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவேன். நீ தடுமாறிய இடம், இருமிய இடம், தாள் புரட்டுகிற சத்தம், என் கிண்டலைப் படிக்க முடியாமல் சிரித்துவிட்டு மறுபடி தொடங்கிய இடம் எல்லாவற்றிலும் டேப்பை நிறுத்திவைக்கும் போஸ் பொத்தானை அமுக்கி, விட்டு, அமுக்கி, சுத்தமான படிப்பை மட்டும் சேர்ப்பேன். பொத்தானை விட்டதும் டேப் உடனே ஓடாது, ஒரு கணம் தயங்கும். அந்தத் தயக்கத்துக்கும் சேர்த்து முன்கூட்டியே விடவேண்டும். உன் மூச்சு எங்கே வரும் என்று எனக்கு அப்படித்தான் மனப்பாடம் ஆனது.

அதற்குப் பிறகு அந்தப் படிப்பின் நீளத்துக்குப் படம் கோப்பேன். குறுக்குத்துறைப் படித்துறை, ஜங்ஷன் பஸ் ஸ்டாண்ட், தேர் நிற்கிற தெரு. இரண்டு டெக், நடுவில் ஒரு சின்ன மிக்சர். ஆற்றுச் சத்தம் ஒரு வழியில், உன் குரல் இன்னொரு வழியில். ஆடியோ டப் பொத்தானை அமுக்கினால் படம் அப்படியே இருக்கும், பழைய சத்தம் அழிந்து புதியது ஏறும். தாமிரபரணியில் துணி துவைக்கிறவர்கள் தெரிவார்கள். அதன் மேல் நீ சொல்வாய், "நேற்று ஆற்றுக்குப் போனேன். தண்ணீர் இடுப்பளவு ஓடுகிறது." நீ போகவில்லை, கோமு. போனது நான். எழுதியதும் நான். ஆனால் அந்தப் படத்தில் நீதான் போயிருக்கிறாய்.

பனி பெய்கிற தெருவில் என் குரல் சொல்கிறது, "இங்கே ரோடெல்லாம் கண்ணாடி மாதிரி வழுக்குகிறது. பயப்படாதே, நான் பத்திரமாகத்தான் இருக்கிறேன்." அது உன் கடைசிக் கடிதத்துக்கு முந்தைய கடிதம். என் வாயால் நான் படித்தேன். எந்தத் தடுமாற்றமும் இல்லாமல், சுத்தமாக.

அந்த ரோட்டில்தான் கார் வழுக்கியது என்று உன் மாமா போனில் சொன்னார். உன்னை அங்கேயே எரித்து, அஸ்தி மட்டும் வந்தது. ஆற்றில் கரைக்கும்போது நான் தூரத்தில் நின்றேன். உன் அம்மா அழவில்லை.

அதற்குப் பிறகுதான் உன் கேசட் வந்தது. விபத்துக்கு முன்பே நீ தபாலில் போட்டது. தபால்கார அண்ணாச்சி கொடுக்கலாமா வேண்டாமா என்று வாசலில் நின்றுகொண்டே இருந்தார். நாட்கணக்கில் நான் அதை அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்திருந்தேன். ஒரு மத்தியானம், உம்மா வெளியே போயிருந்தபோது, எடுத்துப் போட்டேன்.

என் கடைசிக் கடிதத்தை நீ படித்திருந்தாய். நான் என்ன எழுதியிருந்தேன் என்றே எனக்கு மறந்துபோயிருந்தது. நிக்காஹ் பேச்சு, காக்காவோடு சண்டை, மழை. கடைசி வரிக்கு வந்தாய். "நீ எப்போது வருவாய்? உன்னைப் பார்க்காமல் எனக்கு இங்கே ஒன்றுமே ஓடவில்லை. சீக்கிரம் வா."

என் கேள்விதான். உன் குரலில், என்னைப் பார்த்து. நான் டேப்பை நிறுத்திவிட்டுச் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். எங்கே வரச்சொல்கிறாய் என்று வாய்விட்டே கேட்டேன். அந்த நாளிலிருந்து நான் எதை எழுதினாலும் காதுக்குள் நீதான் படிக்கிறாய். மளிகைச் சாமான் எழுதினாலும் நீதான் படிக்கிறாய். பயமாக இருக்கிறது, ஆனால் நின்றுவிட்டால் அதைவிடப் பயம்.

படத்தை முடிக்கவேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அம்மாவை நினைக்கும்போது மனது கேட்கவில்லை. உன் குரலைக் கேட்டு எத்தனை நாளாகியிருக்கும் அவர்களுக்கு? அதனால் அதுவரை கோத்திருந்த படத்தை எடுத்துக்கொண்டு, டெக்கைத் துண்டில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு ஆழ்வார்குறிச்சிக்கு பஸ் ஏறினேன். உங்கள் வீட்டு டிவியில் வீடியோவுக்குத் தனி வழி இல்லை. ஆண்டெனா வயரைக் கழற்றி டெக்கின் வயரைச் செருகி, வெறும் சேனல் ஒன்றைத் திருகித் திருகிப் பிடித்தேன்.

அம்மா தூணோடு உட்கார்ந்து முழுப்படத்தையும் பார்த்தார்கள். ஆறு வந்தது, தேர் வந்தது, உன் குரல் எல்லாத் தெருவிலும் நடந்தது. நான் டிவியைப் பார்க்கவில்லை, அம்மாவைத்தான் பார்த்தேன். முகத்தில் ஒன்றும் இல்லை. படம் முடிந்து திரையில் புள்ளிகள் இரைந்தபோது எழுந்து உள்ளே போய் எனக்குக் காப்பி கொண்டுவந்தார்கள்.

"நல்லாத்தான் எடுத்திருக்கே," என்றார்கள். டம்ளரை என் பக்கம் நகர்த்திவிட்டு, "ஏளா ஜொகரா, சத்தம் அவ சத்தந்தான். பேச்சு அவ பேச்சு இல்லியே. இதுல எம்பிள்ள எங்கன இருக்கா?"

"அம்மா, அது நான் எழுதுனது. அவ படிச்சா."

"அப்பம் அவ எழுதுனது?"

"அத நான் படிச்சிருக்கேன்."

அம்மா தலையை ஆட்டினார்கள். "அவ ஒரு வார்த்த சொல்லிக் கேக்கணும்னு பாத்தேன். சரி, காப்பி ஆறுது, குடி."

ஒன்றைக் கவனித்தாயா? 'அவ'. அஸ்தி வந்த நாளிலிருந்து அம்மா உன் பெயரைச் சொல்வதே இல்லையாம். மாமாதான் வாசலில் என்னிடம் சொன்னார். "பேரச் சொன்னா அவ வரணும், வரமாட்டாளே, பெறகு எதுக்குச் சொல்லணும்ங்கா," என்றார். பஸ்ஸில் திரும்பி வரும்போது கல்லிடைக்குறிச்சி தாண்டும்வரை எனக்குக் கண் தெரியவில்லை.

உன் வார்த்தை எங்கே இருக்கும் என்று தேடினேன். நம் சட்டப்படி நீ ஒன்றுகூடச் சேர்க்கவில்லை, பிடிவாதக்காரி. எல்லாக் கேசட்டையும் ஒன்றுவிடாமல் கேட்டேன். அப்போதுதான் புத்தி வந்தது. வார்த்தையெல்லாம் என்னுடையதுதான். நான் வெட்டிப்போட்டது மட்டும்தான் உன்னுடையது. உன் மூல கேசட்டுகளில் அதெல்லாம் அப்படியே இருந்தது.

இந்த முறை போஸ் பொத்தானைத் தலைகீழாக அமுக்கினேன். படிப்பு வரும்போது நிறுத்தி, படிப்பு நிற்கும்போது விட்டேன். இருமல். தாள் புரட்டுதல். நாற்காலி கிரீச்சிடுவது. ஹீட்டரின் முனகல். என் கிண்டலைப் படிக்கப்போய் மூக்கால் சிரித்து, "ச்சை" என்று உன்னையே நீ திட்டிக்கொண்டது. தண்ணீர் விழுங்குகிற சத்தம். கடைசிக் கேசட்டில் "சீக்கிரம் வா" என்று படித்துவிட்டு நீ உடனே நிறுத்தவில்லை. அன்று நான்தான் அவசரப்பட்டு நிறுத்தியிருந்தேன். தாளை மடிக்கிறாய், மூக்கை உறிஞ்சுகிறாய், நீளமாக ஒரு பெருமூச்சு. பிறகுதான் பொத்தான் சத்தம்.

அந்தக் கேசட்டை எடுத்துக்கொண்டு திரும்பவும் போனேன். படம் இல்லை, வெறும் டேப்ரிக்கார்டர். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்கள். முதல் இருமலிலேயே முறம் நின்றுவிட்டது. நீ மூக்கால் சிரித்த இடத்தில் அம்மாவின் உதடு கோணியது. பெருமூச்சு வந்தபோது அவர்களும் கூடவே மூச்சு விட்டார்கள். பிறகு தரையில் கிடந்த அரிசியைக் கையால் கூட்டிக்கொண்டே அழுதார்கள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"இதாம்ளா எம்பிள்ள," என்றார்கள். "சின்னப்பிள்ளையிலயும் வீட்டுப்பாடம் படிக்கையில இப்படித்தான் மூச்சு விடுவா."

அழுது ஓய்ந்த பிறகு, முகத்தைக் கழுவிவிட்டு வந்து கேட்டார்கள், "ஒங்க படத்துல இன்னும் பாக்கி என்ன இருக்கு?"

"ஒரே ஒரு கடுதாசிம்மா. நான் அவளுக்கு எழுதணும். ஆனா படிக்க ஆளு இல்லியே. எங்க சட்டப்படி கெடச்சவதான் படிக்கணும்."

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். "ஒங்க தெருவுல புருசன் எழுதுன கடுதாசிய நீ படிச்சுக் காட்டுனியாமே, அவ சொல்லியிருக்கா. வந்த வீட்டுல எழுத்து தெரிஞ்சவ யாரும் படிக்கலாம்லா? எம் பிள்ளைக்கு வந்தத நான் படிக்கேன். பையத்தான் படிப்பேன், பரவால்லியா?"

அதுதான் கோமு, இந்தக் கடிதம்.

நாளைக் காலையில் இதை எடுத்துக்கொண்டு ஆழ்வார்குறிச்சிக்குப் போகிறேன். மைக்கைச் சேலையோரத்தில் குத்துவதற்கு முன்னால் ஒருதரம் மனதுக்குள் படித்துப் பார்த்துக்கொள்ளச் சொல்வேன். வேண்டாம் என்பார்கள் என்று தெரியும். படத்துக்கு ஆறு மட்டும் போதும் என்று வைத்திருக்கிறேன். அஸ்தி கரைத்த இடத்தில் கேமராவை ஸ்டாண்டில் வைத்து, டேப் முடியும்வரை அசைக்காமல் எடுத்தேன். வெட்டே இல்லாத ஒரே ஷாட்.

அம்மா, இந்த இடத்தில் கொஞ்சம் தண்ணீர் குடித்துக்கொள்ளுங்கள். அவசரம் இல்லை, டேப் ஓடட்டும்.

கோமு, தொடக்கத்தில் உன்னை எப்படிக் கூப்பிட்டேன் என்று கவனித்தாயா? தோழி என்று எழுதவில்லை. உன் அம்மாவின் வாயில் வரக்கூடிய வார்த்தையாக இருக்கவேண்டும் என்றுதான் 'என் செல்லக் கோமு' என்று எழுதினேன். நடுநடுவே கோமு, கோமு என்று வேண்டுமென்றேதான் எழுதியிருக்கிறேன். இதைப் படித்து முடிப்பதற்குள் அம்மா உன்னை அத்தனை தரம் கூப்பிட்டிருப்பார்கள். நீ வரவேண்டாம். கேட்டால் போதும்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இந்தப் படிப்பில் அம்மா எங்கே தடுமாறினாலும், எங்கே நிறுத்தி மூக்கை உறிஞ்சினாலும், உன் பெயர் வாயில் வராமல் எவ்வளவு நேரம் ஆறு மட்டும் ஓடினாலும், போஸ் பொத்தான் பக்கம் என் கை போகாது. காக்கா எத்தனை கம்ப்யூட்டர் வாங்கினாலும் சரி.

உன் அம்மா குரலில்,
உன் தங்கச்சி
ஜொகரா